பிரெஞ்சு குழுவுக்கு ரூம் வாடகையை யூரோவில் சொல்வதா, ரூபாயிலேயே சொல்வதா?

கடலோர வீடு (புதுச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். ஒயிட் டவுனில் ஆறு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம், நானும் வீட்டுக்காரியும். டிசம்பரில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை வருபவர்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். அறைக்கு ஓர் இரவு 4,200 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. இதுவரை யார் கேட்டாலும் ரூபாயில்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

இப்போது லியோனிலிருந்து ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி மெயில் அனுப்பியிருக்கிறது. அடுத்த வருடம் டிசம்பர் கடைசியில் ஒரு குழு, நாலு அறை, ஒன்பது இரவு. விலையை யூரோவில் கொடுங்கள், கொடுத்தபின் மாறக்கூடாது என்கிறார்கள். பயணத்துக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

நேரடியாக மெயில் எழுதுபவர்களும் "யூரோவில் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். போன சீசனில் ஒரு தம்பதிக்கு ரூபாயில்தான் சொன்னேன். அவர்கள் கூகுளில் பார்த்து யூரோவாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கார்டு போட்டபின் அவர்கள் வங்கி எடுத்தது அதைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்தை நான் எடுத்துக்கொண்டதாக நினைத்து ரிவியூவில் எழுதிவிட்டார்கள். யூரோவிலேயே சொல்லியிருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காதோ என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கார்த்தி_வெப்

யூரோவிலேயே போடுங்க அண்ணா, யோசிக்கவே வேண்டாம். 2022 செப்டம்பரில் ஒரு யூரோ 80 ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025 செப்டம்பரில் 103. அன்றைக்கு 50 யூரோ என்று போட்டவருக்கு அறைக்கு 4,000 வந்தது. அதே 50 யூரோ மூன்று வருடம் கழித்து 5,150. ஒரு பைசா விலை ஏற்றாமல்! ரூபாய் எப்படியும் இறங்கத்தான் போகிறது. ரூபாயில் விலை சொல்கிறவர் ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டுக்காரருக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஹோம்ஸ்டேக்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். யூரோ விலை இருக்கும் பக்கத்தில் விசாரணை அதிகம் வருவதைப் பார்க்கிறேன்.

ஏற்காடு எஸ்டேட்

மன்னிக்கவும், எனக்கு இது சரியாகப் படவில்லை. வெள்ளைக்காரர் என்றால் ஒரு விலை, நம்மவர் என்றால் ஒரு விலையா? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் நமக்கு 40 ரூபாய், அவர்களுக்கு 600 ரூபாய் என்று வாங்குவதையே பல விருந்தினர்கள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள். அரசாங்கம் செய்கிறது என்பதற்காக நாமும் செய்யக்கூடாது.

கடலோர வீடு

ஐயா, விலை எல்லோருக்கும் ஒன்றுதான். சென்னையிலிருந்து வருபவருக்கும் 4,200, லியோனிலிருந்து வருபவருக்கும் 4,200. அந்த 4,200-ஐ எந்த நாணயத்தில் எழுதிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஏற்காடு எஸ்டேட்

சரி, அப்படியென்றால் சரி. ஆனால் யூரோ ஏறி அவர்கள் 5,000 கொடுக்கும் நிலை வந்தால் அப்போது இரண்டு விலைதானே? அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மணி_மதுரை

முப்பது வருடத்துக்கு மேல் வெளிநாட்டுக் குழுக்களுக்கு ரூம் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தம்பி கார்த்தி சொன்ன கணக்கு சரி. ஆனால் அவர் ஆரம்பித்த மாதம்தான் அந்தக் கணக்கை அழகாகக் காட்டுகிறது. இன்னும் ஒன்றரை வருடம் பின்னால் போங்கள். 2021 ஜனவரியில் யூரோ 89 ரூபாய் சுமார் இருந்தது. அங்கிருந்துதான் 80-க்குக் கீழே இறங்கியது. அதே காலத்தில் டாலர் 73-லிருந்து 81-க்கு ஏறியது. ரூபாய் டாலரிடம் தோற்றுக்கொண்டிருந்தபோதே யூரோவிடம் ஜெயித்தது, ஏனென்றால் யூரோ டாலரிடம் அதைவிட வேகமாகத் தோற்றது. ஆகவே "ரூபாய் எப்படியும் இறங்கும்" என்பதை வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட டிசம்பருக்கு யூரோ விலை எழுத முடியாது. பத்து வருடத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். உங்கள் குழு வருவது ஒரே ஒரு டிசம்பரில்.

டாலரிலும் பார்த்திருக்கிறேன். 2007-ல் டாலர் 44 ரூபாயில் ஆரம்பித்து வருடக் கடைசியில் 40-க்கும் கீழே வந்தது. டாலரில் விலை எழுதி ஒப்பந்தம் போட்டிருந்த ஓட்டல்காரர்கள் அந்த சீசன் முழுக்கப் பத்து சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அறை நிறைந்துதான் இருந்தது, கையில் வந்தது குறைந்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பணம் எந்த வழியாக வரும்? கார்டா, வங்கி மூலமாகவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் யூரோவா ரூபாயா என்று பேசுவதில் பயனில்லை.

கடலோர வீடு

ஏஜென்சி வங்கி மூலம் அனுப்பவும் தயார், கார்டு கொடுக்கவும் தயார். தனியாக வருபவர்கள் எல்லோரும் கிளம்பும் நாளில் கார்டுதான் தருகிறார்கள். என்னிடம் இருப்பது வங்கி கொடுத்த சாதாரண ஸ்வைப் மெஷின், கரன்ட் அக்கவுன்ட்டோடு சேர்ந்தது.

மணி_மதுரை

நினைத்தேன். அந்த மெஷினில் நீங்கள் யூரோவை அடிக்கவே முடியாது, ரூபாயைத்தான் அடிக்கலாம். 45 யூரோ என்று விலை சொன்னாலும், கிளம்பும் நாள் காலையில் நீங்களே அதை ரூபாயாக்கி மெஷினில் போட வேண்டும். எந்த ரேட்டில்? நீங்கள் ஒரு ரேட் எடுப்பீர்கள், விருந்தினர் போனில் ஒன்று காட்டுவார். சரி, அவர் காட்டியதையே எடுத்து அடித்தீர்கள் என்று வையுங்கள். அந்த ரூபாயை அவருடைய கார்டு நிறுவனம் தன் ரேட்டில் மறுபடி யூரோவாக்கும். அவர் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் வாங்குகிற வங்கி என்றால் அதுவும் மேலே ஏறும். ஆக ஒரே வாடகை இரண்டு தடவை மாறுகிறது. 45 என்று நீங்கள் சொன்னது அவர் ஸ்டேட்மென்ட்டில் 46-க்கு மேல் வந்து நிற்கும். ரூபாயில் சொன்னபோது "கூகுளில் பார்த்ததைவிட அதிகம்" என்றவர், இப்போது "நீங்கள் எழுதிக் கொடுத்ததைவிட அதிகம்" என்பார். இது முன்னதைவிட மோசமான புகார், ஏனென்றால் கையில் உங்கள் மெயில் இருக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். சில மெஷின்களில் வெளிநாட்டுக் கார்டைச் செருகியதும் EUR வேண்டுமா INR வேண்டுமா என்று திரையில் கேட்கும். EUR என்று அழுத்தினால் மாற்று விலையை அந்த இடத்திலேயே மெஷின் பக்கத்து நிறுவனம் போடும். அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும், விருந்தினருக்குப் பெரும்பாலும் நஷ்டம். போன சீசனில் உங்கள் தம்பதிக்கு நடந்தது இதுவாகக்கூட இருக்கலாம். அந்தத் தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது, அதுதான் விதி. மெஷினை அவர் கையில் கொடுங்கள். உங்கள் வரவேற்பறைப் பையன் வேகத்தில் பச்சை பட்டனைத் தட்டிவிடப் போகிறான், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர வீடு

மெஷினை எடுத்து ஒரு பழைய சிலிப்பைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கீழே EUR தொகையும் ஒரு ரேட்டும் அச்சாகியிருக்கிறது. இதை இத்தனை நாள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நன்றி சார்.

நிலாவெளி அக்கா

வணக்கம். நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் சின்ன விடுதி வைத்திருக்கிறேன். எங்கட அனுபவத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். மே மாதம் வரேக்குள்ள 360 ஆகிவிட்டது. நாங்கள் டொலரில்தான் விலை எழுதியிருந்தோம். பக்கத்து விடுதிக்காரர் ரூபாயில் ஓகஸ்ட் மாதத்துக்கு முற்பதிவு எடுத்து வைத்திருந்தார். வந்த காசில் அவரால் ஜெனரேட்டருக்கு டீசல் போடக்கூட முடியவில்லை. எரிவாயு, கோதுமை மா, பால்மா எல்லாம் இறக்குமதி. டொலர் ஏற ஏற எங்கட செலவும் கூடவே ஏறியது. டொலர் விலை இல்லாவிட்டால் அந்த வருடம் நான் கதவைப் பூட்டியிருப்பேன்.

தம்பி, உங்கட இடத்தில் நான் இருந்தால் யூரோவில்தான் எழுதுவேன்.

கார்த்தி_வெப்

பாருங்க, அக்காவே சொல்லிட்டாங்க. அதுவும் இல்லாமல் யூரோவில் வாங்கினால் அது ஏற்றுமதி வருமானம் அண்ணா, ஜிஎஸ்டியே கிடையாது. அந்த 5 சதவீதமும் மிச்சம்.

ராஜி_ஆடிட்டர்

கார்த்தி, கடைசி வரியைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். இதே எண்ணத்தில் வரி கட்டாமல் இருந்துவிட்டு நோட்டீஸோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் கொடுத்தார், யூரோவில் வந்தது என்பது மட்டும் ஏற்றுமதி ஆக்காது. தங்கும் அறைக்குக் கட்டடம் எங்கே நிற்கிறதோ அதுதான் சேவை நடந்த இடம். கட்டடம் புதுச்சேரியில் இருக்கிறது. ஆகவே பிரெஞ்சுக்காரர் தங்கினாலும் ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது, உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்ற நிபந்தனையோடு. பில் ரூபாயில்தான் போட வேண்டும். யூரோ தொகையைப் பக்கத்தில் தகவலுக்காக எழுதிக்கொள்ளலாம்.

மெஷின் இல்லாத நாளில் சிலர் யூரோ நோட்டை நீட்டுவார்கள். நோட்டு மாற்றித் தருவது ரிசர்வ் வங்கி அனுமதி உள்ளவர்கள் செய்யும் வேலை. விருந்தினரையே மணி சேஞ்சரிடம் மாற்றி வரச் சொல்லுங்கள்.

நிலாவெளி அக்காவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் முக்கியமானது அவர்கள் செலவும் டாலரோடு ஏறியது என்பது. கடலோர வீட்டு அண்ணா, உங்கள் செலவில் யூரோவோடு சேர்ந்து ஏறுவது எது? பட்டியல் போட்டுப் பாருங்கள்.

கடலோர வீடு

யோசித்துப் பார்த்தேன் அம்மா. மூன்று பேர் சம்பளம், கரண்ட் பில், சலவை, பால், முட்டை, பழம், பிரெட், வீட்டை மராமத்து செய்ய வாங்கிய கடனுக்குத் தவணை. எதுவுமே யூரோவைப் பார்த்து ஏறுவதில்லை. காபிப்பொடிகூட குடகிலிருந்து வருகிறது. கேஸ் சிலிண்டர் மட்டும் ஏதோ ஒரு வழியில் டாலரைப் பார்க்கும், அதுவும் மாதச் செலவில் சின்னப் பங்குதான்.

ராஜி_ஆடிட்டர்

அப்படியென்றால் நிலாவெளியில் டாலர் விலை பாதுகாப்பாக இருந்தது, உங்களுக்கு யூரோ விலை அப்படி இல்லை. அங்கே வரவும் செலவும் ஒரே திசையில் ஓடின. உங்களுக்குச் செலவு அசையாமல் நிற்கும், வரவு மட்டும் ஆடும்.

எவ்வளவு ஆடும் என்று ஓர் அறை, ஓர் இரவுக்குப் பார்ப்போம். கணக்குக்கு எளிதாக இன்றைய யூரோவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். 4,200-உடன் ஜிஎஸ்டி 210 சேர்த்தால் 4,410. அதாவது 44 யூரோ 10 சென்ட். இந்த விலையை இன்றே எழுதிக் கொடுத்து, அடுத்த டிசம்பரில் அன்றைய ரேட்டில் கார்டில் வாங்குகிறீர்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு மெஷின் கட்டணம் 3 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சேர்த்து 3.54 என்று வையுங்கள். உங்கள் வங்கியில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரோ 94-க்கு இறங்கினால் மெஷினில் 4,145 அடிப்பீர்கள். கட்டணம் 147, ஜிஎஸ்டி 197 போக உங்களுக்கு நிற்பது சுமார் 3,801. நாலு அறை ஒன்பது இரவு, 36 தடவை பெருக்கினால் நீங்கள் எதிர்பார்த்த 1,51,200-க்குப் பதில் 1,36,800 சொச்சம். யூரோ 108-க்கு ஏறினால் 4,367. அதாவது 6 ரூபாய் இறங்கினால் அறைக்கு 400 ரூபாய் போகிறது, 8 ரூபாய் ஏறினாலும் 167 ரூபாய்தான் கூடுகிறது.

இந்தச் சாய்வுக்குக் காரணம் மெஷின் கட்டணம். யூரோ அசையாமல் 100-லேயே நின்றால்கூடக் கையில் வருவது 4,044. இந்தக் கட்டணம் ரூபாயில் விலை சொன்னாலும் போகும், ஆகவே யூரோவை மட்டும் குறை சொல்ல முடியாது. உங்கள் 4,200-இல் அதற்கு இடம் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பாரிஸ்_செல்வி

விருந்தினர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நான் பாரிஸில் இருபது வருடமாக இருக்கிறேன், பிரெஞ்சு நண்பர்களுக்கு இந்தியப் பயணம் போட்டுக் கொடுப்பேன்.

இங்கே ஒரு விலை எழுதியிருந்தால் அதில் வரி சேர்ந்திருக்கும். கடையில், ஓட்டலில், எங்கே போனாலும் அப்படித்தான். "4,200, ஜிஎஸ்டி தனி" என்று நீங்கள் எழுதும்போது இவர்கள் மனதில் பதிவது 4,200 மட்டும். கிளம்பும் நாளில் 5 சதவீதம் ஏறும்போது நாணய மாற்று, வரி, கார்டுக் கட்டணம் எது எதுவென்று அவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாம் சேர்ந்து "சொன்ன விலை வேறு, வாங்கிய விலை வேறு" ஆகிவிடும். அண்ணா சொன்ன அந்தத் தம்பதியின் கோபத்தில் பாதி இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரூபாயில் சொல்வதென்றாலும் 4,410 என்றே சொல்லுங்கள்.

இங்குள்ளவர்கள் யூரோவில் கேட்பது பெரும்பாலும் கட்டணத்தை யூரோவில் கட்டுவதற்காக அல்ல. 4,410 என்றால் பெரிதா சின்னதா என்று அவர்களுக்குத் தெரியாது. சுமார் 44 யூரோ என்றால் உடனே புரியும். புக்கிங் டாட் காம் செய்வது அதுதானே. நீங்கள் ரூபாயில் போடுகிறீர்கள், இங்கே திரையில் யூரோவில் தெரிகிறது, ஆனால் கட்டுவது ரூபாயில்.

கார்த்தி_வெப்

ஜிஎஸ்டி விஷயம் சரி மேடம், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் "சுமார் 44 யூரோ" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுமார் என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. மெயிலில் 44 என்று ஒரு எண் இருந்தால் அதுதான் விலை. ஒன்று உறுதியாக யூரோ சொல்ல வேண்டும், இல்லையென்றால் யூரோவையே எழுதக்கூடாது.

பாரிஸ்_செல்வி

அதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. ஆனால் யூரோவே இல்லாத மெயிலுக்குப் பதில் எழுதாமல் போகிறவர்களும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

மணி_மதுரை

தனியாக வருபவர்களையும் ஏஜென்சியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தனியாக வருபவருக்கு வரி சேர்த்த ரூபாய் விலை, பக்கத்தில் யூரோ மதிப்பு, கட்டுவது ரூபாயில் என்று ஒரு வரி. என் முடிவு அதுதான், கார்த்தி ஒப்புக்கொள்ளமாட்டார், பரவாயில்லை.

ஏஜென்சி கதை வேறு. அவர்கள் ஏன் மாறாத யூரோ விலை கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பேரம் எளிது. ஐரோப்பாவில் பேக்கேஜ் டூர் விற்பவர்களுக்கு 2015-ல் வந்த ஒரு பொதுச் சட்டநெறி இருக்கிறது. டூரை விற்ற பிறகு நாணய மாற்று காரணமாக விலையை ஏற்ற வேண்டுமென்றால் அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பயணத்துக்கு 20 நாளுக்குக் குறையாமல் முன்பே சொல்ல வேண்டும். 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் வாடிக்கையாளர் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதனால் விலையைக் கடைசி நேரத்தில் மாற்றுகிற ஓட்டலைக் கண்டால் அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தை உங்கள் தலையில் இறக்கி வைக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சுமக்கலாம், ஆனால் கூலி வாங்கிக்கொண்டு சுமக்க வேண்டும், ஒரு எல்லையும் வைக்க வேண்டும்.

கூலி என்றால் இது. இன்றைய ரேட் 100 என்றால் 4,410-ஐ 100-ஆல் வகுக்காதீர்கள், 96-ஆல் வகுங்கள். 45.94 வரும், 46 யூரோ என்று எழுதுங்கள், வரியும் காலைச் சாப்பாடும் சேர்த்து. கார்டு வேண்டாம், வங்கி மூலம் அனுப்பச் சொல்லுங்கள். மெஷின் கட்டணம் போய்விடும். வங்கி வாங்கும் ரேட் நீங்கள் இணையத்தில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், இடையிலுள்ள வங்கி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும். அனுப்பும் செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் 1,656 யூரோ அனுப்பியதாக அவர் சொல்வார், உங்கள் கணக்கில் அதைவிடக் குறைவாக வந்து நிற்கும்.

எல்லை என்றால் இது. ரிசர்வ் வங்கி தளத்தில் வேலைநாட்களில் யூரோவுக்கு ஒரு குறிப்பு விலை வரும். இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய எண் அதுதான். பயணத்துக்கு 30 நாள் முன்பு அந்த எண்ணைப் பாருங்கள். 95-க்கும் 107-க்கும் நடுவில் இருந்தால் 46 யூரோ அப்படியே. 95-க்குக் கீழே போயிருந்தால் 4,370 ரூபாயை அன்றைய விலையால் வகுத்து வருவது யூரோ விலை. 107-க்கு மேலே போயிருந்தால் 4,922-ஐ வகுத்து வருவது. அதாவது ரூபாயில் உங்களுக்கு 4,370-க்குக் கீழே போகாது, 4,922-க்கு மேலே வராது. யூரோ 90-க்கு விழுந்தால் அவர்கள் 48.56 கொடுக்க வேண்டும், அறை வாடகையில் ஐந்தரை சதவீதம் ஏற்றம். டூர் விலையில் விமானம், வண்டி, கைடு எல்லாம் இருப்பதால் மொத்தத்தில் அது சின்ன எண். 30 நாள் என்று வைத்தது ஏனென்றால், அவர்கள் தங்கள் ஆட்களுக்கு 20 நாள் முன்பு சொல்ல நேரம் வேண்டும்.

நிலாவெளி அக்கா

மேல் எல்லையும் ஏன் வைக்க வேண்டும் ஐயா? யூரோ ஏறினால் அந்த லாபம் தம்பிக்குத்தானே வர வேண்டும்?

மணி_மதுரை

கீழ் எல்லையை மட்டும் வைத்தால் அவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள் அம்மா. விழுந்தால் நீ கொடு, ஏறினால் எனக்கு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? மேலே விட்டுக்கொடுப்பதுதான் கீழே பிடித்துக்கொள்வதற்கு விலை. ஏற்காட்டு ஐயா கேட்ட 5,000 ரூபாய்ச் சங்கடமும் இதில் தீர்ந்துவிடும்.

ராஜி_ஆடிட்டர்

வங்கி மூலம் வரும்போது எதற்கான பணம் என்று நோக்கக் குறியீடு கேட்பார்கள். ஓட்டல், பயண வரவுக்கு P0301. அதைச் சரியாகக் கொடுத்து, பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் வாங்கி பில்லோடு வையுங்கள். அட்வான்ஸ் வந்த அன்றே ரூபாயாகிவிடும், ஆகவே அந்தப் பகுதிக்கு யூரோ ஆட்டம் அன்றோடு முடிந்தது. அட்வான்ஸ் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் சேவைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே ஜிஎஸ்டியும் வந்துவிடும், அந்த மாதக் கணக்கிலேயே காட்ட வேண்டும்.

குழு ரத்தானால் திருப்பிக் கொடுப்பது யூரோவிலா, வந்த ரூபாயிலா என்பதையும் இப்போதே எழுதுங்கள். வந்த ரூபாயைத்தான் திருப்புவேன் என்று எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

கடலோர வீடு

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு கொட்டேஷன் அனுப்பினேன். அறைக்கு 46 யூரோ, வரி சேர்த்து. வங்கி மூலம் மட்டும். 30 சதவீதம் இப்போது, மீதி 30 நாள் முன்பு. மணி சார் சொன்ன இரண்டு எல்லைகள். ரத்தானால் வந்த ரூபாய்.

நேற்று பதில் வந்தது. 46-ஐப் பேரமே பேசாமல் ஏற்றுக்கொண்டார்கள். எல்லைகளும் சரி, ஆனால் குறிப்பு விலையை ரிசர்வ் வங்கியிடமிருந்து எடுக்காமல் ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் விலையை எடுக்க வேண்டுமாம். அட்வான்ஸை இப்போது தரமாட்டார்களாம், 60 நாள் முன்புதான் தருவார்களாம். ரத்தானால் அனுப்பிய யூரோவே திரும்ப வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

தனியாக வருபவர்களுக்கு மெயில் மாதிரியை மாற்றிவிட்டேன். "4,410 ரூபாய், வரியும் காலைச் சாப்பாடும் சேர்த்து. இன்றைய விலையில் சுமார் 44 யூரோ. கட்டணம் ரூபாயில், உங்கள் வங்கி போடும் ரேட் வேறுபடலாம்." மெஷின் பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம், INR தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மலிவு என்று.

மணி_மதுரை

ஐரோப்பிய மத்திய வங்கி விலையை ஒத்துக்கொள்ளலாம். அதிலும் ரூபாய் இருக்கிறது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. 60 நாள் அட்வான்ஸ் வழக்கத்தில் இருப்பதுதான். அறையை அதுவரை சும்மா பிடித்து வைக்காதீர்கள், அக்டோபர் கடைசிக்குள் பணம் வராவிட்டால் அறையை விடுவிப்பேன் என்று ஒரு தேதி போடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் உங்கள் ஊரில் அறை சும்மா நிற்காது.

ராஜி_ஆடிட்டர்

யூரோவைத் திருப்புவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 102-ல் வாங்கி 108-ல் திருப்பினால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும், குழுவும் வராது, அறையும் காலி.

மணி_மதுரை

அந்த 60 நாளில் அவ்வளவு ஆடுமா அம்மா? ஆடினாலும் 30 சதவீதத் தொகைக்குத்தான் அந்த நஷ்டம். நான் விட்டுக்கொடுத்துவிட்டுக் குழுவைப் பிடிப்பேன்.

ராஜி_ஆடிட்டர்

இந்தக் குழுவுக்குச் சரி சார். அடுத்த குழுவும் இதையே கேட்கும்.

கார்த்தி_வெப்

அண்ணா, "சுமார் 44 யூரோ" மெயிலுக்கும் யூரோவே இல்லாத மெயிலுக்கும் எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள், எத்தனை பேர் கிளம்பும்போது கேள்வி கேட்கிறார்கள் என்று இந்த சீசன் முழுக்கக் குறித்து வைக்க முடியுமா? அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

கடலோர வீடு

வைக்கிறேன் தம்பி. வீட்டுக்காரி ஏற்கெனவே வருகைப் பதிவு நோட்டில் ஒரு பக்கம் கோடு போட்டுவிட்டாள். ஏஜென்சிக்கு ரத்து விஷயத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. திங்கள்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அதற்குள் வேறு யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.